முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் பில்டரிடம் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கோம். மொத்தப் பணமும் கையில் இருக்கு. இப்பவே கட்டினா எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?

பில்டர் கொடுத்த தவணை அட்டவணையை முதலில் எடுத்து வையுங்கள். விடை அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்பது இதற்கு உதவாது.

கட்டுமானத்தோடு ஒட்டிப் பணம் கட்டும் திட்டத்தில் நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டப்போவதில்லை. அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, ஒவ்வொரு தளம் ஏறும்போதும் இவ்வளவு, சாவி கொடுக்கும்போது மீதி என்று பிரித்திருப்பார்கள். அந்தப் பணம் தவணை தேதி வரும்வரை உங்களிடம் இருந்து உங்களுக்கு வட்டி ஈட்டும். முன்கூட்டியே கட்டினால் அந்த வட்டி போய்விடும். அதை ஈடுகட்டும் தொகைதான் நீங்கள் கேட்க வேண்டியதில் மிகக் குறைந்த அளவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டின் விலை எவ்வளவாக இருந்தாலும் அதை 100 பங்காக நினைத்தால் போதும். முன்பதிவுக்கு 10 கட்டியாகிவிட்டது. அதன் பிறகு 3, 6, 9, 12-ஆம் மாதங்களில் தலா 15. பிறகு 15, 18-ஆம் மாதங்களில் தலா 10. கடைசியாக 24-ஆம் மாதம் சாவி வாங்கும்போது 10. ஆக மீதி 90.

இப்போது ஒவ்வொரு தவணையையும் அது எத்தனை மாதம் தள்ளி வருகிறதோ அந்த எண்ணால் பெருக்குங்கள். 15-ஐ 3, 6, 9, 12 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 450. கடைசி மூன்று தவணைகளுக்கு 150, 180, 240. மொத்தம் 1,020. இதை 90-ஆல் வகுத்தால் 11.3 வருகிறது. அதாவது மீதிப் பணத்தைச் சராசரியாகப் பதினொரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாக முன்கூட்டிக் கொடுக்கிறீர்கள். இரண்டு வருடத் திட்டம் என்பதற்காக இரண்டு வருட வட்டி கேட்பவர்களும் உண்டு. அது தவறு, பில்டரின் கணக்காளர் உடனே மறுத்துவிடுவார்.

உங்கள் பணம் வேறு இடத்தில் ஆண்டுக்கு 8 சதவீதம் ஈட்டும் என்றால், அந்த 1,020-ஐ 8 சதவீதத்தால் பெருக்கி 12-ஆல் வகுங்கள்: 6.8. ஆனால் இது பின்னால் வந்து சேரும் வட்டி. சலுகை இன்றைக்கே கிடைப்பதால், ஒவ்வொரு தவணையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது தனி வட்டியில் அந்தத் தேதிக்குள் அந்தத் தொகையாக வளர இன்றைக்கு எவ்வளவு போட வேண்டும் என்று பார்க்க வேண்டும். அவற்றைக் கூட்டி 90-இலிருந்து கழித்தால் 6.2 வருகிறது. இந்த வீட்டுக்கு 6.2-க்குக் கீழே எந்தச் சலுகை கிடைத்தாலும், வீடு சொன்ன நாளில் கைக்கு வந்தாலும்கூட உங்களுக்கு நட்டம்தான்.

அவங்க எதுக்கு அதுக்கு மேல தரணும்?

அவர்களுடைய வட்டி வேறு என்பதால். பில்டர் கட்டுமானத்துக்கு வாங்கும் கடனின் வட்டி பெரும்பாலும் உங்கள் வைப்புத்தொகை வட்டியைவிட அதிகம். நிலம் வாங்குவதற்கு வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்காத சூழலில் தனியார் நிதியாளர்களிடம் போக வேண்டியிருக்கும், அங்கே வட்டி இன்னும் அதிகம்.

அவர் 15 சதவீதத்துக்கு வாங்குகிறார் என்று வைத்து அதே அட்டவணையை அவர் பக்கத்திலிருந்து கணக்கிட்டால், உங்கள் 90 இன்றே வருவதால் அவருக்கு மிச்சமாவது 10.8. அவர் அதற்கு மேல் குறைத்தால், கடன் வாங்குவதே அவருக்கு மலிவு. ஆகவே உங்களுக்கு 6.2, அவருக்கு 10.8. பேரம் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 9 அல்லது 9.5-இல் முடித்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

நான் கட்டுமான நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, முன்பணச் சலுகைக்கு வரும் கோப்பில் முதலில் பார்ப்பது இந்த மேல் எல்லையைத்தான். வாங்குபவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினார் என்பது அந்தத் தாளில் எங்குமே இருக்காது. நீங்கள் உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், எதிரில் இருப்பவர் அதை உள்ளே அனுப்பிப் பதில் வாங்க முடியும்.

சேல்ஸ்காரர் "இதுதான் கடைசி விலை, முழுசா கட்டினா 5 சதவீதம் குறைக்கிறேன்"னு சொல்றார். சரின்னு சொல்லிடலாமா?

பொறுங்கள். அந்த 5 சதவீதம் தவணையில் கட்டுபவருக்கும் கிடைக்கக்கூடியதா என்று முதலில் தெரிய வேண்டும்.

பட்டியல் விலையில் சாதாரணமாகவே கொஞ்சம் இடம் வைத்திருப்பார்கள். அந்த இடத்தையே எடுத்து "முழுப் பணத்துக்கான சலுகை" என்று பெயர் வைத்துக் கொடுப்பது மிகவும் வழக்கமான வேலை. நீங்கள் வட்டியை இழந்திருப்பீர்கள், அதற்கு ஈடாக ஒன்றும் வந்திருக்காது.

அதனால் பேச்சை இரண்டாகப் பிரியுங்கள். முதல் சந்திப்பில் கையில் முழுப் பணம் இருப்பதைச் சொல்லவே வேண்டாம். தவணையில் கட்டுபவராகவே விலை பேசுங்கள், எவ்வளவு இறங்குகிறார்களோ இறங்கட்டும். அதை எழுத்தில், மின்னஞ்சலில் ஒரு வரியாக வந்தாலும் போதும், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் அடுத்த கேள்வி: "இந்த விலைக்கு மேல், தவணைகளை முன்கூட்டியே கட்டினால் என்ன தருவீர்கள்?" இப்போது வருவதுதான் உண்மையான முன்பணச் சலுகை.

சதவீதம் எதன் மேல் என்பதையும் அங்கேயே கேளுங்கள். அடிப்படை விலையின் மேலா, வாகன நிறுத்துமிடம், மாடிக்கான கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மேலா? நீங்கள் முன்கூட்டிக் கட்டப்போவது மொத்தத்தை என்றால், சலுகையும் மொத்தத்தின் மேல்தான் இருக்க வேண்டும். சதவீதத்தில் பேசிக் குழம்புவதைவிட, "நான் கட்டும் கடைசித் தொகை எவ்வளவு?" என்று ஒரே எண்ணைக் கேட்பது நல்லது.

யாரிடம் பேசணும், எப்போ பேசணும்?

சேல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விலையில் கொஞ்சம் குறைக்க அதிகாரம் இருக்கும். பணத்தின் நேரத்துக்கு விலை வைக்கும் அதிகாரம் அவரிடம் பெரும்பாலும் இருக்காது. அது நிதிப் பிரிவின் தலைவரிடமோ, சிறிய நிறுவனமானால் உரிமையாளரிடமோ இருக்கும். "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று அவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம், கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் ஒருபக்கத் தாளை அவரிடம் கொடுத்து, நிதிப் பிரிவில் இருப்பவரோடு ஒரு சந்திப்பு கேளுங்கள்.

நேரம் என்று பார்த்தால், பில்டருக்குப் பணத்தின் அவசரம் கூடும் சில நாட்கள் உண்டு. கட்டுமானக் கடன் இன்னும் கைக்கு வராமல் அஸ்திவார வேலை தொடங்கும் காலம் ஒன்று. கடன் தவணை கட்ட வேண்டிய காலாண்டு முடிவு இன்னொன்று. கணக்கு ஆண்டை மூடும் மாதமும் அப்படித்தான். கட்டிடம் பாதிக்கு மேல் எழும்பி, பெரும்பாலான வீடுகள் விற்றுத் தவணைகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் கட்டத்தில் உங்கள் முன்பணம் அவருக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

சலுகையா மாடுலர் கிச்சன், ஏசி, கார் பார்க்கிங் தர்றேன்னு சொல்றாங்க. பரவாயில்லையா?

பணமாகவே குறைக்கச் சொல்லுங்கள். பொருளாகக் கொடுக்கும்போது அவர்கள் சொல்வது கடை விலை, அவர்களுக்கு ஆவது மொத்தக் கொள்முதல் விலை. அதுவும் இரண்டு வருடம் கழித்து, எந்தத் தரத்தில் என்று எழுதாமல் வரும்.

பொருளைவிட நுட்பமான ஒரு வழியும் இருக்கிறது. என் சித்தப்பா மகள் ஒரு சலுகைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "எட்டு குறைச்சிருக்காங்க அண்ணா, நாளைக்குப் பணம் அனுப்பப்போறேன்" என்றாள். நிறுவனத்தின் முத்திரைத் தாள், மேலே வாழ்த்து, நடுவில் தடித்த எழுத்தில் 8 சதவீதம். நான்காவது பத்தியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: சலுகைத் தொகை வீட்டை ஒப்படைக்கும் சமயத்தில் இறுதிக் கணக்கில் சரிசெய்யப்படும். அதாவது அவள் இன்றைக்கு 100-ஐயும் கட்ட வேண்டும், இரண்டு வருடம் கழித்து 8 திரும்ப வரும். இன்றைய மதிப்பில் அது 6.9. ஒப்படைப்பு தள்ளிப்போனால் அந்த 8-உம் சேர்ந்து தள்ளிப்போகும். ஒப்படைப்பே நடக்காவிட்டால் சலுகையும் இல்லை.

அவளை அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். விற்பனை ஒப்பந்தத்தில் எழுதும் விலையே 92 ஆக இருக்க வேண்டும், தனிக் கடிதம் வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். ஒரு வாரம் இழுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் குறைந்த விலை இருப்பதால் வேறு நன்மையும் உண்டு: விலையை வைத்துக் கணக்கிடும் வரியும் பதிவுச் செலவும் எந்த விதிப்படி வந்தாலும், உண்மையில் கொடுத்த விலையிலிருந்து தொடங்கும்.

இன்னொரு பில்டர் 20 சதவீதமே குறைக்கிறார். அதையே எடுத்துக்கலாமே?

அதே அட்டவணையில் 20 குறைத்தால், அவர் உங்களிடம் 70 வாங்கி 90-க்கான கடமையை ஏற்கிறார். வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. அந்த வட்டிக்குப் பணம் தேடும் ஒருவருக்கு வங்கியும் நிதி நிறுவனமும் ஏன் கடன் கொடுக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு மறுத்திருப்பார்கள். நீங்கள் பார்த்தது மாதிரி வீட்டை.

முன்கூட்டியே பணம் கொடுப்பவர், பெயர் எப்படியிருந்தாலும், பில்டருக்குக் கடன் கொடுப்பவர். அதுவும் பெரும்பாலும் அடமானம் இல்லாத கடன். சலுகை அந்தக் கடனுக்கான வட்டி. வட்டி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாகக் கடன் வாங்குபவரைப் பார்க்க வேண்டும்.

தளத்துக்குப் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் வேலை நாளில், முன்னறிவிப்பு இல்லாமல். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? கம்பி துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டு மாதம் முன்பு நின்ற தளத்திலேயே நிற்கிறதா? சிமென்ட், கம்பி கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் பாக்கி இருந்தால் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். பில்டர் இதற்கு முன் முடித்த கட்டிடத்தில் குடியிருக்கும் இரண்டு பேரிடம், சொன்ன தேதிக்கு எத்தனை மாதம் கழித்துச் சாவி வந்தது என்று கேளுங்கள். அந்த மாதக் கணக்கு அடுத்த பதிலில் தேவைப்படும்.

ஒரு வருஷம் தாமதமானா என்ன ஆகும்? எல்லாக் கட்டிடமும் கொஞ்சம் தள்ளிப்போறதுதானே?

தவணையில் கட்டுபவருக்குத் தாமதம் ஒரு பக்கம் இடைஞ்சல், இன்னொரு பக்கம் பாதுகாப்பு. வேலை நின்றால் அடுத்த தவணையும் நிற்கிறது. முழுவதும் கட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் உதாரணத்தில் 9-ஆம் மாதத்துக்குப் பிறகு வேலை ஒரு வருடம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்காரர் அதுவரை 55 கட்டியிருப்பார். மீதி 45 இன்னும் ஒரு வருடம் அவர் கையிலேயே இருக்கும். நீங்கள் அந்த 45-ஐயும் கொடுத்துவிட்டீர்கள். அதன் ஒரு வருட வட்டி உங்களுக்கு இல்லை. இன்றைய மதிப்பில் இது 2.7 அளவுக்கு வருகிறது. முன்பு கண்ட 6.2-உடன் கூட்டினால் 8.9. ஆக 8 சலுகை வாங்கியவர், 1.8 லாபத்தோடு தொடங்கியவர், ஒரு வருடத் தாமதத்தில் 0.9 நட்டத்தில் நிற்கிறார். வாடகை வேறு தொடர்கிறது, ஆனால் அது தவணைக்காரருக்கும் உண்டு.

அதனால் சலுகையை முடிவு செய்யும்போது சொன்ன தேதியை எடுக்காதீர்கள். அந்தப் பில்டரின் பழைய கட்டிடங்களில் சராசரியாக எத்தனை மாதம் தள்ளிப்போனதோ அதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். அப்படிச் சேர்த்தபின் உங்கள் கீழ் எல்லை அவருடைய மேல் எல்லையைத் தாண்டிவிட்டால், பேச இடமே இல்லை. தவணையிலேயே கட்டுங்கள்.

பணம் கட்டும் முன்னாடி எந்தக் காகிதம் கேட்கணும்?

வழக்கமான நில ஆவணங்களை வழக்கறிஞர் பார்ப்பார். முன்பணம் கொடுப்பவர் கூடுதலாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கியின் தடையில்லாச் சான்று.

நிலமும் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டிடமும் பெரும்பாலும் பில்டருக்குக் கடன் கொடுத்தவரிடம் அடமானத்தில் இருக்கும். அந்தக் கடன் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் இருப்பது சகஜம். விற்ற பணம் எல்லாம் குறிப்பிட்ட ஒரு கணக்கில்தான் வர வேண்டும். ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்க வேண்டுமானால் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். உங்கள் சலுகை விலை அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போயிருக்கலாம். அல்லது பில்டர் உங்கள் பணத்தை வேறொரு கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். பிறகு பில்டர் கடனைக் கட்டாமல் போனால், உங்கள் வீட்டை அடமானத்திலிருந்து விடுவிக்கக் கடன் கொடுத்தவர் மறுக்க இடம் உண்டு. ஆகவே சான்றில் உங்கள் வீட்டு எண், நீங்கள் கொடுக்கும் குறைந்த விலை, பணம் சேர வேண்டிய கணக்கு எண் மூன்றும் இருக்க வேண்டும். பொதுவாக "விற்கத் தடையில்லை" என்று மட்டும் இருந்தால் போதாது.

வாங்குபவர்களின் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. துபாயில் 2007-லேயே அப்படி ஒரு சட்டம் வந்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, வேலை நடந்த அளவுக்கே எடுக்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட கணக்கு உங்கள் திட்டத்துக்கு இருந்தால் பணம் அதற்குள்தான் போக வேண்டும். வேறு கணக்குக்கு அனுப்பினால் கூடுதலாகக் குறைக்கிறேன் என்றோ, ரசீது இல்லாமல் ஒரு பகுதியைக் கையில் கொடுங்கள் என்றோ சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்லணும்?

குறைந்த விலை ஒப்பந்த விலையாக வர வேண்டும் என்று ஏற்கெனவே சொன்னேன். அதோடு கீழே உள்ளது போல ஒரு பத்தி வேண்டும். உங்கள் வழக்கறிஞர் இதை உள்ளூர் சட்டத்துக்கு ஏற்பத் திருத்தட்டும்:

"வாங்குபவர் தவணைத் தேதிகளுக்கு முன்பே தொகையைச் செலுத்தியதால் மேற்கண்ட விலை நிர்ணயிக்கப்பட்டது. இந்த விலை எக்காரணத்தாலும் கூட்டப்படாது. ஒப்படைப்புத் தேதி தவறினால், தவறிய நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை, செலுத்தப்பட்ட முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு இத்தனை சதவீத வட்டியை விற்பவர் மாதந்தோறும் செலுத்துவார்."

இதில் "முழுத் தொகைக்கும்" என்ற சொல்லை விடாதீர்கள். அச்சடித்த ஒப்பந்தங்கள் பலவற்றில் தாமத ஈடு சதுர அடிக்கு இவ்வளவு என்று மிகச் சிறிய தொகையாக இருக்கும். அது தவணைக்காரரை மனதில் வைத்து எழுதியது. வட்டி வீதம் உங்கள் 8-ஆக இருந்தால் நீங்கள் ஈடுகட்டப்படுவீர்கள், ஆனால் பில்டருக்கு அது மலிவான கடனாகவே தொடரும். அவருடைய கடன் வட்டிக்குச் சமமாகக் கேளுங்கள். அப்போதுதான் அவருக்கு அவசரம் இருக்கும்.

வங்கி உத்தரவாதம் கேட்பதும் நியாயம்தான். வீடு வராவிட்டால் வங்கி உங்கள் பணத்தைத் தரும் என்ற எழுத்து அது. பல பில்டர்கள் மறுப்பார்கள், ஏனென்றால் வங்கி அதற்குக் கட்டணமும் ஈடும் கேட்கும். ஒத்துக்கொள்பவர் கிடைத்தால் சலுகையில் ஒன்றோ ஒன்றரையோ விட்டுக்கொடுத்தாவது அதை வாங்கலாம் என்பது என் கருத்து.

கையில் முழுசா இல்லை. வீட்டுக்கடன் எடுத்து முன்கூட்டியே கட்டி, சலுகையை வாங்கலாமா?

எனக்கு இது பிடிக்காது. முதலில், கட்டுமானம் நடக்கும் வீட்டுக்கு வங்கி பொதுவாக வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் விடுவிக்கும். மொத்தமாக விடுவிக்கத் தயாராக இருந்தாலும், முதல் மாதத்திலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். கணக்கில் 8 என்று எடுத்த இடத்தில் உங்கள் கடன் வட்டியைப் போட்டுக் கீழ் எல்லையைத் திரும்பக் கணக்கிடுங்கள். அது ஏறும், பேரத்துக்கான இடைவெளி சுருங்கும். கட்டிடம் நின்றுபோனாலும் வங்கிக்கு மாதத் தவணை கட்டியே ஆக வேண்டும். சீனாவில் 2022-இல் கட்டி முடிக்காத வீடுகளுக்குக் கடன் தவணை கட்ட மாட்டோம் என்று ஏராளமானோர் அறிவித்தது இந்த நிலைமையில்தான்.

முழுசா கொடுக்கப் பயமா இருக்கு. பாதி கொடுத்துப் பேச முடியுமா?

முடியும், நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வதும் இதைத்தான். நம் அட்டவணையில் 3 முதல் 12-ஆம் மாதம் வரையான நான்கு தவணைகளை, அதாவது 60-ஐ மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள். கடைசி 30-ஐ அந்தந்தத் தேதியில் கட்டுவதாகச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கீழ் எல்லை 2.8, அவருடைய மேல் எல்லை 5.1. நான்குக்கு முடிக்கலாம். முழுவதும் கட்டினால் 9 கிடைக்கும் இடத்தில் 4 தானா என்று தோன்றும். அது உண்மைதான், ஏனென்றால் வட்டியில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி 30-இல்தான் இருக்கிறது, அவைதான் வெகுநாள் தள்ளி வருபவை. ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பூச்சு வேலை, குழாய், மின்சாரம், லிஃப்ட், குடியேறுவதற்கான சான்று எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் தேங்கி நிற்கும். சுவரில் விரிசல், கதவு மூடவில்லை என்று சொல்லும்போது உங்கள் கையில் 30 இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் வித்தியாசம் மிகப் பெரியது.

முழுவதும்தான் வேண்டும் என்று பில்டர் பிடிவாதம் பிடித்தால், சாவிக்கான கடைசி 10-ஐயாவது நிறுத்திவையுங்கள்.

கட்டி முடிச்ச வீடு, சாவி தயாரா இருக்கு. அங்கேயும் இதே கணக்கா?

இல்லை. அங்கே முன்கூட்டிக் கொடுக்கும் காலம் சில வாரங்கள்தான். கடன் அனுமதிக்காகக் காத்திருக்கும் வாங்குபவரைவிட நீங்கள் ஒன்றிரண்டு மாதம் முன்பு பணம் தருகிறீர்கள், அவ்வளவே. வட்டியாகப் பார்த்தால் ஒன்றிரண்டு சதவீதம். ஆனால் விற்காமல் நிற்கும் வீட்டுக்குப் பில்டர் பராமரிப்பும் கடன் வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் எத்தனை மாதமாக அந்த வீடு நிற்கிறது என்பதை வைத்துச் சாதாரண விலையிலேயே நன்றாகப் பேசலாம். பணத்தைப் பத்திரப் பதிவு அன்றைக்கே, பதிவு மேஜையில் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

எல்லாம் கட்டின பிறகு நானே விலக வேண்டி வந்தா, பணம் எவ்வளவு திரும்பும்?

ரத்துப் பிரிவை எடுத்துப் பாருங்கள். "மொத்த விலையில் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளப்படும்" என்பது போல இருக்கும். சலுகைக்கு முந்தைய 100-இலா, ஒப்பந்தத்தின் 91-இலா என்று தெளிவாக எழுத வேண்டும். சலுகையைத் தனிக் கடிதத்தில் கொடுத்திருந்தால் ரத்தின்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கலாம், அப்படியானால் இரண்டு தடவை இழப்பீர்கள்.

இன்னொன்று, திரும்பத் தரும் நாள். வேறொருவருக்கு அந்த வீடு விற்ற பிறகுதான் தருவோம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. தவணைக்காரருக்கு 10, 25 என்று மாட்டியிருக்கும். உங்களுக்கு 91-உம் மாட்டியிருக்கும். ரத்துக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், அதைத் தாண்டினால் வட்டியோடு என்று எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மேலே சொன்ன 60-க்கு 4 என்ற கணக்குக்குத் திரும்புங்கள், அல்லது பழைய அட்டவணையிலேயே கையெழுத்திடுங்கள்.